‘பீலி தண்ணி கலங்கி வருது’

ஒக்டோபர் பிறந்தால் பதுளை மாவட்டத்தில் அனர்த்த நிவாரண உத்தியோகத்தர், கிராம உத்தியோகத்தர், தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் எல்லோருடைய கைபேசியும் ஓயாது. லயத்திலிருந்து வரும் செய்தி பெரும்பாலும் ஒற்றை வரியாகத்தான் இருக்கும். உதாரணத்துக்கு இப்படி ஒன்றை வைத்துக்கொள்வோம்: “சேர் பீலி தண்ணி கலங்கி வருது.” பெயர் இல்லை, டிவிஷன் இல்லை, அவசரம் என்ற சொல்லும் இல்லை.

அதை வாசிப்பவர் சட்டென்று இரண்டில் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார். ஒன்று, மழைக்காலத்து வழக்கமான முறைப்பாடு, சாதாரணமாகத்தான் சொல்கிறார்கள் என்பது. மற்றது, பெயர்கூடப் போடாமல் என்ன மரியாதை இது என்பது. இரண்டுமே பிழை. செய்தி சுருங்கியதற்கு ரீலோட் தீர்ந்திருக்கலாம், சிக்னல் ஒரு மேட்டில் மட்டும் கிடைத்திருக்கலாம், எழுதிக் கொடுத்தது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையாக இருக்கலாம். வரி குட்டையாக இருப்பதை வைத்து மனநிலையைக் கணிக்க முடியாது.

தொனி வேறிடத்தில் இருக்கிறது. தோட்டத்தில் ஒரு குறை மேலே போவதற்கு வழி உண்டு: முதலில் தலைவர், அடுத்து கணக்கப்பிள்ளை, பிறகு ஒபிஸ், கடைசியில் துரை. அந்த வரிசையைத் தாண்டி அரசாங்க உத்தியோகத்தருக்கு நேரே எழுதுவது சாதாரணமாக நடப்பதில்லை. கீழே சொல்லிப் பார்த்து அலுத்த பிறகே பலர் எழுதுகிறார்கள். “வருவீங்களா இல்லையா” என்று ஒரு செய்தி வந்தால் அதில் திமிரைத் தேடுவதற்கு முன், இது எத்தனையாவது தடவை என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

நேரமும் பேசும். வேலை நாளில் காலை பத்து மணிக்கு கொழுந்து எடுப்பவர் மலையில் இருக்க வேண்டியவர். அந்த நேரத்தில் அவர் லயத்திலிருந்து எழுதினால், அன்றைய பேரை விட்டுவிட்டு வீட்டில் நிற்கிறார் என்று அர்த்தம். சம்பளத்தை இழந்து ஒருவர் பீலியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்றால் அதற்குமேல் அவசரக் குறி தேவையில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். மழைக்குப் பீலி கலங்குவது புதிதல்ல. ஓடைத் தண்ணீர் கலந்தாலும் கலங்கும். ஆனால் வழக்கமாகத் தெளிவாக வரும் ஊற்று திடீரென்று கலங்கினாலோ, பெருகினாலோ, மழை பெய்யும்போதே வற்றினாலோ மலைக்குள் மண் நகரத் தொடங்கியிருக்கலாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழைக்கு மஞ்சள், 100க்கு செம்மஞ்சள், 150க்கு சிவப்பு என்று எச்சரிக்கை நிலைகளை வகுத்திருக்கிறது. மழைமானி இருக்குமிடமும் அந்த லயமும் ஒரே மலையில் இருப்பதில்லை. மானியில் 60 காட்டினாலும் லயத்துக்கு மேலே அதைவிடக் கூடுதலாகப் பெய்திருக்கலாம்.

ஆகவே முதல் பதிலை எழுதி அனுப்பாமல், அழைத்துப் பேசுவது நல்லது. எடுக்காவிட்டால் அதே லயத்தில் இன்னொருவரை அழைக்க வேண்டும். கேட்க வேண்டியவை கொஞ்சம்தான்: எந்த டிவிஷன், எத்தனை மணியிலிருந்து, மற்ற மழைக்கும் இப்படிக் கலங்குமா, தண்ணி கூடியிருக்கா குறைஞ்சிருக்கா, சுவரிலோ முற்றத்திலோ வெடிப்பு உண்டா, கதவு இறுகுதா. இவற்றில் இரண்டுக்குச் சந்தேகமான பதில் வந்தாலே ஆட்களை வெளியேற்றச் சொல்லிவிட்டு, பிறகு மேலிடத்துக்கு அறிவிக்கலாம். அழைப்பு கிடைக்காமல் எழுதத்தான் வேண்டும் என்றால், “தங்கள் முறைப்பாடு பரிசீலிக்கப்படும்” என்ற கடித நடை வேண்டாம். “இப்பவே எல்லாரும் பாடசாலைக்குப் போங்க, நான் ஆள் அனுப்புறேன்” என்று செய்ய வேண்டியதை முன்னால் வைத்து எழுதுங்கள். வீணாக வெளியேற்றிவிட்டோமோ என்ற பயம் நியாயமானதுதான். ஒரு நாள் பேர் போவது அந்தக் குடும்பத்துக்குச் சிறிய இழப்பல்ல. அதைத் தோட்ட நிர்வாகத்திடம் பேசி வாங்கிக் கொடுப்பதையும் நம் வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதைவிடச் சிக்கலானது, நாம் சொன்னதற்குத் திரும்பி வரும் “சரி சேர்.” கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்தபோது, அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரித்தது பதிவில் இருக்கிறது. ஆட்கள் அங்கேயே இருந்தார்கள். போவதற்கு வேறு வீடும் காணியும் இல்லாதவரிடம் போகச் சொன்னால், பெரியவரிடம் முடியாது என்று நேரே சொல்லத் தயங்குபவர் “சரி” என்றுதான் சொல்வார். அந்தச் சொல்லைக் கேட்டதும் கோப்பை மூடிவிடக் கூடாது. இன்றிரவு எங்கே படுக்கிறீங்க, வயசானவங்களை யார் தூக்கிட்டுப் போறாங்க, மாட்டை யார் பார்த்துக்கிறாங்க என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் அவர்கள் இன்னும் லயத்தில்தான் இருக்கிறார்கள்.