முதிர்ந்த சீட்டுக்கு வட்டியும் கேளுங்கள்

ஏலச்சீட்டில் தவணை தவறினால் அபராத வட்டி போட்டு ரசீது கிழித்துத் தருகிறார்கள். அதே நிறுவனம் முதிர்ந்த சீட்டின் பணத்தை மாதக்கணக்கில் தராமல் வைத்திருந்தால், சந்தாதாரருக்குக் கிடைப்பது "மேனேஜர் வெளியூர் போயிருக்கார், அடுத்த வாரம் வாங்க" என்ற பதில் மட்டும். அவரும் அசல் வந்தால் போதும் என்று திரும்பிவிடுகிறார். அசலோடு வட்டியையும் எழுத்தில் கேட்க வேண்டும் என்பதே நம் கருத்து. அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

ஐந்து லட்ச ரூபாய் சீட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 25 பேர், 25 மாதம், மாதம் 20,000 ரூபாய். நம் சந்தாதாரர் யாரோடும் ஏலத்தில் போட்டி போடாமல், கசர் கழித்த தவணையைக் கட்டிக்கொண்டே கடைசிவரை காத்திருந்தவர். மகளின் கல்யாணத்துக்காகவோ வீட்டுக்காகவோ இப்படிக் காத்திருப்பவர்கள்தான் அதிகம். கமிஷன் ஐந்து சதவீதம் என்றால் கடைசி மாதம் அவருக்கு வர வேண்டியது 4,75,000 ரூபாய். (2019 திருத்தத்துக்குப் பிறகு கமிஷனின் உச்சவரம்பு ஏழு சதவீதம்.) நிறுவனம் இதைப் பத்து மாதம் இழுத்தடிக்கிறது. ஆண்டுக்கு ஏழு சதவீதம் என்று கணக்கிட்டால்கூட வட்டி 27,700 ரூபாயைத் தாண்டும். இந்தப் பணத்தைத்தான் வாடிக்கையாளர்கள் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

1978ஆம் ஆண்டின் வட்டிச் சட்டம் இதில் நமக்குத் துணை நிற்கிறது. எழுத்து ஒப்பந்தத்தில் குறித்த தேதியில் தர வேண்டிய பணம் என்றால், அந்தத் தேதியிலிருந்தே வட்டி வழங்கலாம். தேதி தெளிவாக இல்லை என்று நிறுவனம் வாதிட்டாலும், வட்டி கோருவதாக எழுத்தில் அறிவித்த நாளிலிருந்து கணக்கிடலாம். நீதிமன்றத்துக்கு உள்ள இந்த அதிகாரம் நடுவருக்கும் உண்டு. ஆகவே "தயவுசெய்து பணத்தைத் தரவும்" என்று மட்டும் எழுதும் கடிதம் பாதிக் கடிதம்தான். சீட்டுக் குழு எண், டிக்கெட் எண், முதிர்ந்த தேதி, வர வேண்டிய தொகை, எந்தத் தேதியிலிருந்து என்ன வட்டி, பதினைந்து நாளில் தராவிட்டால் பதிவாளரிடம் செல்வோம் என்ற வரி ஆகியவை அதில் இருக்கட்டும். ஸ்பீடு போஸ்டில் பதிவு வசதியோடு அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றைப் பெறுங்கள். பாஸ் புத்தகத்தின் நகலை மட்டும் இணையுங்கள். அசலைக் கொடுத்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருப்பவர்களின் கதை நல்லபடியாக முடிவதில்லை. "வவுச்சரில் கையெழுத்துப் போடுங்கள், பணம் அப்புறம்" என்பதற்கும் இணங்க வேண்டாம். வேறு புதுச் சீட்டில் ஈடுகட்டிக்கொள்ளச் சொன்னால் மறுப்பதே நல்லது.

கடிதத்தின் நகல் ஒன்று சீட்டுப் பதிவாளருக்குப் போக வேண்டும். நிறுவனம் உண்மையில் அஞ்சுவது இந்த நகலுக்குத்தான். 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி, சீட்டு தொடங்கும் முன்பே நிறுவனம் பிணைத்தொகையை வங்கியில் வைப்பாகப் பதிவாளர் பெயரில் காட்ட வேண்டும். சீட்டு முடிந்து, சந்தாதாரர்களின் பாக்கி எல்லாம் தீர்ந்தது என்று பதிவாளருக்குத் திருப்தியானால்தான் அது விடுவிக்கப்படும். யாரும் புகார் சொல்லாவிட்டால் பாக்கி இல்லை என்று ஆகிவிடும். ஆனால் அந்த வைப்பு ஏறத்தாழ ஒரு சீட்டுத் தொகை அளவுதான். ஒரே குழுவில் பத்துப் பேருக்குப் பணம் நின்றிருந்தால் அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. முந்திக் கேட்பவர் பிழைத்தார்.

கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் பதிவாளரிடமே நடுவர் மனு போட வேண்டும். இவ்வகை வழக்கை உரிமையியல் நீதிமன்றம் எடுக்காது. மூன்றாண்டுக் காலவரம்பும் உண்டு. "அடுத்த வாரம்" என்று அலைக்கழிப்பதால் கரைவது அந்த மூன்றாண்டுகள்தான். பதிவு பெறாத சீட்டில் சேர்ந்தவருக்கு வைப்பும் இல்லை, இந்த வழியும் சுலபமாகத் திறப்பதில்லை. அவர் போலீஸை நாடுவதைத் தவிர வேறு வழி குறைவு.

இதில் பதிவுத்துறைக்கும் பொறுப்பு இருக்கிறது. சீட்டு ஒப்பந்தத்தில் தவணை தவறியவருக்கு என்ன அபராதம் என்பதோடு, நடத்துபவர் ஒப்பந்தத்தை மீறினால் என்ன விளைவு என்பதும் இடம்பெற வேண்டும் என்கிறது சட்டம். அபராத விகிதத்தைச் சதவீதமாக எழுதத் தெரிந்த நிறுவனம், தன் தாமதத்துக்கும் அதே சதவீதத்தை எழுதட்டும். எழுதாத ஒப்பந்தத்தைப் பதிவாளர் ஏற்கக் கூடாது. வைப்பை விடுவிக்கும் முன் சந்தாதாரர் ஒவ்வொருவரின் கைபேசிக்கும் பதிவாளர் அலுவலகம் ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, பதில் சொல்ல முப்பது நாள் தர வேண்டும்.