ரூ.100 கோடி செலவு செய்தால் ரூ.167 கோடி வருமானமா? 'பெருக்கி' கணக்கு சொல்வது என்ன?

வீடு கட்ட ரூ.100 கோடி செலவானால் சிமெண்ட், கம்பி ஆலைகளுக்கு ஆர்டர் போகும். அவை மின்சாரம், நிலக்கரி வாங்கும். இந்தச் சங்கிலியைக் கணக்கிட உதவுவதுதான் உள்ளீடு-வெளியீடு அட்டவணை. இதை உருவாக்கிய வாஸிலி லியோன்டீஃப் 1973-ல் பொருளாதார நோபல் பெற்றார்.

ஒவ்வொரு துறையும் ரூபாய்க்கு 40 காசு மற்ற துறைகளிடம் வாங்குதுன்னு வைச்சுக்கோங்க. 100, 40, 16, 6.4 எனக் கூட்டிக்கொண்டே போனால் உற்பத்தி ரூ.167 கோடி. பெருக்கி 1.67.

அப்போ வருமானமும் ரூ.167 கோடியா? இல்லை. கம்பியின் விலை வீட்டின் விலைக்குள்ளும் இருக்கு. அதனால் இரண்டு முறை எண்ணப்படுது. ரூபாய்க்கு 60 காசுதான் கூலி, லாபம். அப்படிப் பார்த்தால் வருமானம் ரூ.100 கோடிதான்.

அந்த 40 காசில் 20 காசு இறக்குமதி என்றால், உற்பத்தி ரூ.125 கோடியாகக் குறையும். உள்நாட்டு வருமானம் ரூ.75 கோடி, மீதி ரூ.25 கோடி வெளிநாட்டுக்குப் போயிடும்.

ஆலைகள் ஏற்கெனவே முழு வேகத்தில் ஓடினால் இந்தக் கணக்கும் பலிக்காது, விலைதான் ஏறும்.