கடை அவருடையது, கல்லா யாருடையது?

பொன்மலையில் ஒரு பேக்கரி. ஞாயிறு காலை ஒருவர் வந்து, "கேக் ரெடியா அக்கா?" என்று போனை நீட்டுகிறார். ஒரு கிலோ பிளாக் ஃபாரஸ்ட், 700 ரூபாய், பணமும் கட்டியாயிற்று. "நான் வெப்சைட்டே வச்சதில்லையே தம்பி" என்கிறார் உரிமையாளர். திரையில் இருப்பதோ அவருடைய கடைப் பெயர், அவர் இன்ஸ்டாகிராமில் போட்ட கேக் படங்கள். பணம் போன கணக்கில் மட்டும் யாரோ முன்பின் தெரியாதவர் பெயர். பின் நம்பர் போடும் முன்பே அந்தப் பெயர் திரையில் வரும். அவசரத்தில் யார் படிக்கிறார்கள்?

இது கதைதான். ஆனால் எந்தக் கடைக்கும் நாளை நடக்கக்கூடியது. நடந்தால் என்ன செய்வது?

பணத்தை இழந்தவர் உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டும். மோசடிக்காரர் எடுப்பதற்குள் சொன்னால், வங்கி அந்தத் தொகையை முடக்கி வைக்க வழி உண்டு. கடைக்காரரின் புகார் வேறு. தன் பெயரில் ஆள்மாறாட்டம் நடப்பதாக cybercrime.gov.in தளத்தில் அவர் தனியாகப் பதிய வேண்டும். அதற்கு முன், முகவரியும் தேதியும் தெரியும்படி போலித் தளத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட வேண்டும். தளம் மறைந்தால் சாட்சியமும் மறைந்துவிடும்.

பிறகு lookup.icann.org பக்கத்தில் அந்த முகவரியைத் தேடினால், அது எப்போது, எந்த நிறுவனத்திடம் பதிவானது என்பது தெரியும். பல வருடக் கடையின் 'இணையதளம்' போன வாரம்தான் பிறந்திருக்கும்! முறைகேடு பற்றி எழுத வேண்டிய மின்னஞ்சலும் அங்கேயே இருக்கும். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் நகலோடு அதற்கு எழுதினால், தளத்தை முடக்கச் சொல்லலாம்.

ஆனால் முகவரியை வாங்கியவர் பெயர் பெரும்பாலும் அங்கே மறைக்கப்பட்டிருக்கும். ஆள்மாறாட்டத்துக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. சிறையில் அடைக்க ஆள் வேண்டுமே! டாபர் போன்ற பெரிய நிறுவனமே, தன் பெயரிலான போலித் தளங்களை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, 'அசோக் குமார்' மீதுதான் வழக்குப் போட்டது. அடையாளம் தெரியாத எதிராளிக்கு நம் நீதிமன்றங்களில் வழங்கும் பெயர் அது. டாபருக்கு வக்கீல் படை இருக்கிறது. பொன்மலை அக்காவுக்கு? ஒரு தளத்தை முடக்கினால், ஓரெழுத்தை மாற்றி அடுத்த வாரமே இன்னொன்று முளைக்கும்.

ஒரு பன் விற்கக்கூட 14 இலக்க உரிம எண்ணைக் கடையில் மாட்டி வைக்கச் சொல்கிறது சட்டம். அந்தக் கடையின் பெயரில் இணைய முகவரி வாங்க வருபவரிடமும் அடையாளச் சான்றை வாங்கிச் சரிபார்க்கட்டும். போலி என்று ஆதாரத்தோடு புகார் வந்தால், விற்ற நிறுவனம் அந்த விவரத்தைக் குறித்த கெடுவுக்குள் காவல்துறைக்குத் தரட்டும். பெயரை விற்றுக் காசு பார்ப்பவர்களுக்கு, அதை யாருக்கு விற்றோம் என்று சொல்லும் கடமையும் உண்டு.