படமாகிப்போன எழுத்து

படவில்லையில் ஒரு சொல்லைத் திருத்த அதன்மேல் சொடுக்கினால், சில வேளை முழுப் பகுதியும் ஒரே சட்டமாகத் தெரிவாகிறது. அது எழுத்தல்ல, படம். பாமினியில் அடித்தது வேறு கணினியில் ஆங்கில எழுத்துகளாகச் சிதறிவிடும் என்ற பயத்தில் பலர் இப்படிப் படமாக்கி ஒட்டுகிறார்கள்.

இரண்டு மூன்று வரிகள்தான் என்றால் யுனிகோட்டில் மீண்டும் தட்டச்சு செய்து படத்தை நீக்கிவிடலாம். அட்டவணைக்கு அது சரிவராது. விற்றமின் அட்டவணையொன்றில் 'மாலைக்கண்' என்பது 'ஏ'க்கு நேரே இல்லாமல் 'சீ'க்கு நேரே நிற்கிறது என வைத்துக்கொள்வோம். பெரும்பாலானோர் வெள்ளைப் பெட்டியால் அதை மறைத்து மேலே எழுதுவார்கள். படத்தைச் சற்று நகர்த்தினாலே பெட்டி தனியே நின்று, பழைய பிழை எட்டிப்பார்க்கும். இன்னும் அரை மணியில் காட்டி முடிக்க வேண்டியதென்றால் மட்டுமே இந்த ஒட்டுவேலையை நான் ஒப்புக்கொள்வேன்.

அடுத்த வருடமும் பயன்படுவதானால் அட்டவணையையே புதிதாகக் கட்டுவது நல்லது. பழைய படத்தை ஒரு பக்கமாக ஒதுக்கி, `Insert > Table` மூலம் அதே அளவு நிரை நிரல்களை அமைத்து நிரப்புங்கள். படத்தை உடனே அழிக்க வேண்டாம். தட்டச்சில் புதுப் பிழைகள் புகும். ஒருவர் படத்தைப் பார்த்து வாசிக்க, மற்றவர் புதியதைச் சரிபார்த்த பிறகே அழிக்க வேண்டும்.