5,990 ரூபா ரைஸ் குக்கர் 7,292 ரூபாவுக்கு வந்த கதை

போன மாதம் எங்கட ஆக்களில ஒருத்தரின்ர வீட்டுக்கு ரைஸ் குக்கர் ஒண்டு தேவைப்பட்டது. கிளிநொச்சி ரவுண் கடையில அதே மொடல் 7,200 ரூபா. இணையத்தில 5,990 எண்டு கிடந்தது. 1,210 ரூபா மிச்சம் எண்டு சந்தோசப்பட்டு ஓர்டர் போட்டாச்சு. மூண்டாம் நாள் பரந்தன் சந்தியில கூரியர் தம்பி பார்சலை நீட்டி, "அண்ணை, 7,292" எண்டார்.

தம்பியில பிழை இல்லை. பார்சலில ஒட்டியிருந்த தாளில அந்தத் தொகைதான் இருந்தது. ஓர்டர் உறுதிப்படுத்தின கடைசித் திரையிலயும் அதுதான் இருந்திருக்கு, அவசரத்தில ஒருத்தரும் பார்க்கேல்லை. பிறகு நாங்கள் எல்லாருமாக இருந்து கணக்கைப் பிரிச்சுப் பார்த்தம்.

பொருளின்ர விலை 5,990. டெலிவரிக்கு முதல் கிலோவுக்கு 450, அடுத்த ஒவ்வொரு கிலோவுக்கும் 100. பெட்டி 2.6 கிலோதான், ஆனால் கூரியர் கணக்கில அது 3 கிலோ. ஆகவே டெலிவரி 650. பக்கிங் 250. ஹான்ட்லிங் 190. இதுவரைக்கும் 7,080. இந்த முழுத்தொகைக்கும் மேல, வீட்டுவாசலில காசு குடுக்கிறதுக்கான கட்டணம் 3 வீதம், அதாவது 212 ரூபா. டெலிவரிக்கும் பக்கிங்குக்கும் மேலயும் அந்த 3 வீதம் ஏறியிருக்கு எண்டதைக் கவனியுங்கோ. எல்லாம் சேர்த்து 7,292.

ரவுணுக்குப் பஸ்ஸில போய்வர 100 ரூபா எண்டு வைச்சால், கடையில வாங்கியிருந்தால் 7,300. ஆக, மிச்சம் பிடிச்சது 8 ரூபா. குக்கர் பழுதானால் கடைக்காரரிட்டக் கொண்டுபோய்க் குடுக்கலாம். இதைத் திருப்பி அனுப்பிறதெண்டால் கூரியர் செலவு எங்கட தலையில.

ஆனால் எங்களை உண்மையில யோசிக்க வைச்சது வேற விசயம். அதே தேடலில இன்னொரு விற்பனையாளர் அதே குக்கரை 6,650க்குப் போட்டிருந்தார். டெலிவரி இலவசம், காசைக் கையில குடுக்கலாம், மேலதிகமாக ஒண்டும் இல்லை. நாங்கள் அவரைத் திரும்பியும் பார்க்கேல்லை, ஏனெண்டால் பட்டியலில அவர் 660 ரூபா கூட. கடைசிக் கணக்கில பார்த்தால் அவர் 642 ரூபா குறைவு! உள்ளதை உள்ளபடி எழுதினவர் பட்டியலில கீழ போனார். விலையைத் துண்டு துண்டாக வெட்டி ஒளிச்சவர் மேல வந்தார். மறைமுகக் கட்டணத்தால வாங்கிறவருக்கு மட்டும் நட்டமில்லை. நேர்மையாக விற்கிறவரும் இப்பிடியே தோற்றால், நாளைக்கு அவரும் 5,990 எண்டு போட்டு மிச்சத்தைக் கடைசியில சேர்க்கத்தான் பழகுவார்.

இந்தக் கட்டணங்கள் எல்லாமே களவு எண்டு நாங்கள் சொல்லவரேல்லை. காசைக் கையில வாங்கிற முறையில விற்கிறவருக்கு உண்மையாகவே செலவு இருக்கு. கூரியர்காரர் காசைச் சேர்த்துக் குடுக்கிறதுக்குத் தரகு எடுக்கிறார்கள். அந்தக் காசு விற்பனையாளரின்ர கைக்குப் போக நாளெடுக்கும். நாங்கள் பார்சலை வேண்டாம் எண்டு திருப்பிவிட்டால், போன செலவும் வந்த செலவும் அவருக்கு. ஆகவே அதுக்கு ஒரு கட்டணம் கேட்கிறது நியாயம்தான், அதை விலைக்குப் பக்கத்திலயே எழுதினால்.

எது நியாயமான தனிக்கட்டணம், எது மறைச்ச விலை எண்டு பிரிக்க நாங்கள் ஒரு கேள்வி வைச்சிருக்கிறம்: 'நான் வேற என்ன செய்தால் இந்தக் கட்டணம் இல்லாமல் போகும்?' நானே போய் எடுத்தால் டெலிவரிக் கட்டணம் இல்லை. வங்கியில முதலே போட்டால் கையில காசு குடுக்கிற கட்டணம் இல்லை. இது ரெண்டும் தெரிவு. ஆனால் பக்கிங்? தொழிற்சாலைப் பெட்டியோட வாற குக்கரைப் பக்கிங் இல்லாமல் தாங்கோ எண்டு கேட்க ஏதாவது வழி இருக்கோ? ஹான்ட்லிங்குக்கு? நாங்கள் என்ன செய்தாலும் அந்த 440 ரூபா வரும். தவிர்க்க ஏலாத கட்டணம் கட்டணமே இல்லை, அது பொருளின்ர விலை. அப்ப அந்தக் குக்கரின்ர விலை ஒருநாளும் 5,990 ஆக இருக்கேல்லை. அது 6,430.

வெளியில இதைச் சட்டமாகவே பிடிச்சிருக்கினம். இந்தியா 2023 நவம்பர் 30இல் வெளியிட்ட வழிகாட்டல்களில, விலையைத் துளித்துளியாகக் கூட்டிக்கொண்டு போறதைத் தடைசெய்த 13 ஏமாற்று உத்திகளில ஒண்டாகச் சேர்த்தது. 2025 ஒக்ரோபரில, கையில காசு குடுக்கிறவர்களிட்ட மேலதிகக் கட்டணம் எடுக்கிறது பற்றின முறைப்பாடுகளை விசாரிக்கிறம் எண்டு அந்த நாட்டு நுகர்வோர் விவகார அமைச்சர் பிரல்ஹாத் ஜோஷி அறிவிச்சார். பிரித்தானியாவில 2025 ஏப்ரல் 6 தொடக்கம், கட்டாயக் கட்டணங்களை ஆரம்ப விலையிலயே காட்டவேணும்.

எங்கட நாட்டில 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கு. வாங்கிறவரைத் தவறாக வழிநடத்திற வியாபார நடத்தையை அது தடைசெய்யுது. 1977 எண்ட இலக்கத்துக்கு முறைப்பாடும் சொல்லலாம். ஆனால் 'முதலில காட்டிற விலைக்குள்ள தவிர்க்க ஏலாத எல்லாம் அடங்கவேணும்' எண்டு இணைய விற்பனைக்கு நேரடியாக ஒரு வரி வேணும் எண்டுதான் நாங்கள் கேட்கிறம். கடையில விலைப்பட்டியல் தொங்கவேணும் எண்டு கேட்கிற சட்டம், கைபேசிக் கடையிட்ட ஏன் அதைக் கேட்கக்கூடாது?

எங்கட பக்கத்தில இது கூடச் சுடும். வங்கி அட்டை இல்லாத அம்மாக்கள், நாட்கூலிக்குப் போறவர்கள், முந்தி ஒருக்கால் காசு போட்டு ஏமாந்தவர்கள், இவர்கள்தான் காசைக் கையில குடுக்கிறதைத் தெரிவுசெய்யிறார்கள். பார்த்து வாங்கலாம் எண்ட நம்பிக்கைக்கு அந்த 3 வீதத்தைக் குடுக்கினம். ஆனால் காசு குடுக்கமுதல் பெட்டியைத் திறக்கவிடமாட்டினம். அப்ப அந்த 212 ரூபாவுக்கு எங்களுக்குக் கிடைச்சது என்ன?

சட்டம் வருமட்டும் நாங்கள் செய்யிறதைச் சொல்லுறம். தளமெண்டால், முகவரியில பரந்தனைப் போட்டு, பணம் கட்டிற முறையையும் தெரிவுசெய்து, உறுதிப்படுத்திற பொத்தானுக்கு முதல் திரை வரைக்கும் போறது. அங்க இருக்கிற மொத்தத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்துப்போட்டு வெளியில வாறது. ரெண்டு மூண்டு விற்பனையாளரிட்ட இப்பிடிச் செய்து, அந்த மொத்தங்களை மட்டும் ஒப்பிடுறது. முகநூல் பக்கமெண்டால் மெசேஜில ஒரே கேள்வி: "பரந்தனுக்கு, காசு கையில, எல்லாம் சேர்த்து எவ்வளவு?" பதிலை அழிக்காமல் வைச்சிருக்கிறது. பார்சல் வந்தால், காசை எண்ணமுதல் தாளில இருக்கிற தொகை அந்தப் பதிலோட சரிவருதோ எண்டு பார்க்கிறது. கூடவெண்டால் வாங்காமல் விடுறது, தம்பியோட சண்டை பிடிக்காமல்.

அந்தக் கேள்விக்கு நேராக ஒரு இலக்கத்தைச் சொல்லாமல் "பொருள் 5,990தான் அண்ணை" எண்டு திருப்பித் திருப்பிச் சொல்லுறவரிட்ட நாங்கள் இப்ப வாங்கிறதில்லை. 6,650க்குக் குக்கர் வித்தவரின்ர பக்கத்தை எங்கட குழுவில எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறம். அடுத்த ஓர்டர் அவருக்குத்தான்.