தவணைத் தொடக்கத்தில் எழுதும் இரண்டு தாள்கள்

"இது நீங்க எழுதினதா?"

வீட்டில் செய்துவந்த ஒப்படையைத் திருத்தும்போது ஓர் ஆசிரியை இப்படிக் கேட்டால், மாணவி என்ன சொல்வாள்? "ஓம் டீச்சர்" என்பாள். உண்மையாகவே அவள் எழுதியிருந்தாலும் அதை நிரூபிக்க அவளிடம் ஒன்றுமில்லை. எழுதவில்லை என்று ஆசிரியை நினைத்தால், அதற்கும் ஆதாரமில்லை. கடைசியில் "கெட்டிக்காரி" என்று பெயரெடுத்த பிள்ளை தப்பிவிடுகிறாள். இதுவரை சாதாரணமாக எழுதி, இப்போதுதான் முன்னேறத் தொடங்கிய பிள்ளை மாட்டிக்கொள்கிறாள். நன்றாக எழுதியதற்காக ஒருத்தி சந்தேகப்படுவது, பிழையாக எழுதிப் புள்ளி குறைவதைவிடக் கசப்பானது.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. தவணை தொடங்கியதும் ஒவ்வொரு மாணவியும் வகுப்பிலேயே எழுதிய எழுத்தை வாங்கி வைத்துக்கொள்வது. பின்னால் வரும் வேலையை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் அந்த எழுத்தை எப்படி வாங்குகிறோம், எப்படி வாசிக்கிறோம் என்பதில்தான் நீதி தங்கியிருக்கிறது என்பது என் கருத்து.

முதலாவது, ஒரு தாள் போதாது. அன்று ஒரு பிள்ளைக்குக் காய்ச்சலாக இருக்கலாம். இரவு தூங்காமல் வந்திருக்கலாம். ஆகவே இரண்டு தாள்கள் வேண்டும். இரண்டாம் வாரத்தில் ஒன்று, நான்காம் வாரத்தில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடப் பாடவேளை ஒன்று. ஒன்று விவரித்து எழுதுவதாகவும் மற்றது கருத்துச் சொல்வதாகவும் இருக்கட்டும். சந்தையைப் பற்றி எழுதுபவள் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுவாள். வாதம் செய்யும்போது அவளே நீண்ட வாக்கியம் எழுதுவாள். விவரணத்தை வாதத்தோடு ஒப்பிட்டால் ஒருத்தியே இரண்டு ஆளாகத் தெரிவாள்.

தலைப்பு எல்லோருக்கும் தெரிந்த விடயமாக இருக்க வேண்டும். பாடத் தலைப்பைக் கொடுத்தால் டியூஷனில் பாடமாக்கிய பந்திதான் தாளில் வந்து விழும். தலைப்பை முன்கூட்டியே சொல்லவும் கூடாது. இந்தத் தாள்களுக்குப் புள்ளி போடக்கூடாது. புள்ளி என்றதும் நாங்கள் எங்கள் எழுத்தை விட்டுவிட்டு, ஆசிரியைக்குப் பிடிக்கும் என்று நினைக்கும் எழுத்தை எழுதத் தொடங்கிவிடுவோம். எதற்காக எழுதுகிறோம் என்பதையும் அன்றே எங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது, எதைப் பார்ப்பது? அழகான கையெழுத்தும் அலங்காரச் சொற்களும் பெரிதாக உதவாது. ஒரு நல்ல புத்தகம் வாசித்தாலே சொல்வளம் கூடிவிடும். என் பார்வையில் மூன்று விடயங்கள் உதவும். ஒருத்தி வாக்கியங்களை எப்படித் தொடுக்கிறாள்? எந்தப் பிழையைத் திரும்பத் திரும்பச் செய்கிறாள்? ஒரு கருத்தைச் சொன்னதும் உதாரணத்தை எங்கிருந்து எடுக்கிறாள்? இவை பழக்கங்கள், மெதுவாகத்தான் மாறும்.

ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். முதல் தாளில் "எங்கள் ஊர்ச் சந்தை" பற்றி எழுதுகிறாள். "காலையில் சந்தைக்குப் போனோம். சனம் கூட. மீன் விலையும் கூட" என்று சிறு வாக்கியங்கள். "முயற்ச்சி" என்று தேவையில்லாத ஒற்றைப் போடுகிறாள். "அதனால்" என்பதை "அதனாள்" என்று எழுதுகிறாள். இரண்டாம் தாள், பாடசாலைக்குக் கைபேசி கொண்டுவரலாமா என்பது பற்றியது. அதிலும் அதே இரண்டு பிழைகள். பந்தி பிரிக்கவில்லை. உதாரணங்கள் எல்லாம் வீட்டிலிருந்து வருகின்றன: உம்மா சொன்னது, தம்பி செய்தது.

பத்தாம் வாரத்தில் பொலித்தீன் பாவனை பற்றிய ஒப்படை வருகிறது. நான்கு பந்திகள், ஒழுங்காகப் பிரிக்கப்பட்டவை. வாக்கியங்கள் நீண்டிருக்கின்றன, "ஆயினும்", "அதேவேளை" என்று தொடுக்கிறாள். மேலோட்டமாகப் பார்த்தால் வேறு ஆள் எழுதியது போல இருக்கும். ஆனால் தாள்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல், இரண்டாம், நான்காம் பந்திகளில் "முயற்ச்சி" அப்படியே இருக்கிறது. உம்மா சந்தைக்குக் கொண்டுபோகும் பன் பைதான் உதாரணம். பந்தி பிரிப்பதும் வாக்கியம் தொடுப்பதும் அந்தத் தவணையில் வகுப்பில் படிப்பித்தவை. ஆகவே இது வளர்ச்சி.

மூன்றாம் பந்தி மட்டும் வேறு. "சூழற்றொகுதியின் சமநிலை" என்று தொடங்குகிறது. ஒரு பிழைகூட இல்லை. வீடும் இல்லை, சந்தையும் இல்லை. இங்கே ஆசிரியை தீர்ப்புச் சொல்லக்கூடாது, கேட்க வேண்டும். அதுவும் வகுப்பின் முன்னால் அல்ல, தனியாக. "முதலில் எழுதின தாளைக் கொண்டு வாங்க. இந்தப் பந்தியை உங்கட சொல்லில் எனக்குச் சொல்லுங்க." அவள் கொண்டுவரும் தாளில் "ஆனால்" என்பதை வெட்டி "ஆயினும்" என்று மாற்றிய இடம் தெரிகிறது. மூன்றாம் பந்தி மட்டும் ஒரு வெட்டுமில்லாமல் இருக்கிறது. அது டியூஷன் குறிப்பில் பாடமாக்கியது என்று அவளே சொல்லிவிடுகிறாள். ஆசிரியை மற்ற மூன்று பந்திகளுக்கும் உரிய புள்ளியைக் கொடுத்து, அந்த ஒரு பந்தியை மட்டும் வகுப்பில் 15 நிமிடத்தில் சொந்தமாக எழுதச் சொல்கிறார். முதல் தாள்கள் இல்லாவிட்டால் முழு ஒப்படைக்கும் பூச்சியம் கிடைத்திருக்கும்; அல்லது முழுப் புள்ளியும் கிடைத்திருக்கும். இரண்டுமே அநியாயம்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. வீட்டில் எழுதும்போது நேரம் இருக்கிறது, அகராதி இருக்கிறது, திரும்ப வாசித்துத் திருத்த வசதி இருக்கிறது. எனவே பிழையில்லாத எழுத்து மட்டும் குற்றத்துக்குச் சாட்சியாகாது. மெதுவாக எழுதும் பிள்ளைக்கு 40 நிமிடத்தில் பாதிப் பக்கம்தான் வரும். அவளுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும். வேறு மொழிமூலத்திலிருந்து வந்த பிள்ளையின் தமிழ் ஒரு தவணைக்குள் வேகமாக மாறலாம். தாள்கள் சொல்வது "இங்கே ஒரு வித்தியாசம் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்" என்பதை மட்டுமே. வீண் சந்தேகத்தை விலக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. கேட்காமல் முடிவெடுத்தால் இந்தத் தாள்களே அநியாயத்துக்குக் கருவியாகிவிடும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ராத்தாவோ வாப்பாவோ ஒப்படைக்கு உதவுவது தவறல்ல. பிழையின் கீழே கோடு போடுங்கள். வாக்கியத்தை நீங்களே மாற்றி எழுதாதீர்கள். நீங்கள் எழுதிய வாக்கியத்துக்குப் பிள்ளை புள்ளி வாங்கலாம். அந்த வாக்கியத்தை ஆசிரியை விளக்கச் சொன்னால் தலைகுனிந்து நிற்பவளும் அவள்தான்.

நான் முக்கியமாகக் கேட்பது இதைத்தான்: அந்தத் தாள்கள் ஆசிரியையின் அலுமாரியில் மட்டும் கிடக்கக்கூடாது. திகதி போட்டு ஆசிரியை ஒரு பிரதி வைத்திருக்கட்டும். அது அவரிடம் உள்ள அமானிதம். வகுப்பில் வாசித்துக் காட்டவோ மற்றவர்களிடம் கொடுக்கவோ கூடாது. இன்னொரு பிரதி எங்கள் கொப்பியில் இருக்கட்டும். தவணை முடிவில் இன்னொரு தாளை அதே 40 நிமிடத்தில் எழுதி, மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்ப்போம். "இது நீங்க எழுதினதா?" என்று கேட்டால் கொப்பியைத் திறந்து காட்ட எங்களிடமும் ஆதாரம் இருக்கும்.