இருபத்து நான்கு மணி நேரக் கெடு

திண்டுக்கல்லில் என் வீட்டிற்கு இரண்டு தெரு தள்ளி வசிக்கும் நண்பர் ஒருவர், ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் கமிஷன் கடை நடத்துகிறார். கேரள வியாபாரிகள் கைப்பேசியில் சொல்லும் தேவையை வைத்துத்தான் அவர் சரக்கு எடுப்பார். பதினைந்து ஆண்டுகளாக ஒரே எண். அந்த எண் ஒரு நாள் முடங்கினால் அவருக்கு அன்றைய வியாபாரமே முடங்கியதாகும்.

ஒரு சனிக்கிழமை மாலை அந்த எண்ணுக்கு ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. 'உங்கள் கேஒய்சி விவரங்கள் புதுப்பிக்கப்படவில்லை. 24 மணி நேரத்தில் சிம் முடக்கப்படும். உடனே இந்த எண்ணை அழைக்கவும்' என்பது அதன் சாரம். நண்பர் அழைத்தார். மறுமுனையில் பேசியவர் பணிவாகப் பேசினார். ஆதார் எண்ணைக்கூடக் கேட்கவில்லை. ஒரு செயலியைத் தரவிறக்கச் சொன்னார். அதில் தோன்றிய எண்ணைப் படித்துக் காட்டச் சொன்னார். பிறகு, 'சரிபார்ப்புக்காகப் பத்து ரூபாய் மட்டும் ரீசார்ஜ் செய்யுங்கள்' என்றார். நண்பர் பற்று அட்டை விவரங்களை உள்ளிட்டுப் பத்து ரூபாய் கட்டினார். அடுத்த சில நிமிடங்களில் மூன்று தவணைகளாக 48,000 ரூபாய் கணக்கிலிருந்து வெளியேறியது.

'நான் ஓடிபி யாருக்கும் சொல்லவில்லையே' என்பதுதான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது. உண்மை, அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அவர் தரவிறக்கியது, ஒருவரது திரையை இன்னொருவர் தொலைவிலிருந்து காண உதவும் செயலி. கணினி பழுது பார்ப்போர் முறையாகப் பயன்படுத்தும் கருவிதான் அது; அதனால்தான் பிளே ஸ்டோரிலேயே கிடைக்கிறது. அதில் தோன்றும் எண்ணைச் சொல்லி, அனுமதிக்கான பொத்தானையும் அழுத்திவிட்டால், நம் திரையில் தெரிவதெல்லாம் எதிராளிக்கும் தெரியும். பத்து ரூபாய் அவர்களுக்குப் பொருட்டே இல்லை. அந்தச் சாக்கில் அட்டை எண், காலாவதி மாதம், பின்புற மூன்று இலக்கம் ஆகியவற்றை நம் கையாலேயே தட்டச்சு செய்ய வைப்பதுதான் நோக்கம். அதன்பின் அவர்கள் வேறிடத்தில் பணம் எடுக்க முயலும்போது, ஓடிபி நம் திரையின் மேற்புறத்தில் வந்து விழுகிறது. நாம் கவனிக்கும் முன்பே அவர்கள் படித்துவிடுகிறார்கள். AnyDesk செயலி இவ்வாறு தவறாகப் பயன்படுத்தப்படுவது குறித்து ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது.

விவரமுள்ள வியாபாரி இதை ஏன் நம்பினார்? அவரைக் குறை கூறுவதற்கு முன் ஒன்றை நினைவுகூர வேண்டும். 2017-இல் இதே தொனியில் அசல் குறுஞ்செய்திகளே நமக்கு வந்தன. அந்த ஆண்டு மார்ச்சில் தொலைத்தொடர்புத் துறை பிறப்பித்த உத்தரவின்படி, ஆதாருடன் எண்ணை இணைக்கும்படி நிறுவனங்கள் மாதக்கணக்கில் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தன. இணைக்காவிட்டால் இணைப்பு போய்விடும் என்ற அச்சத்தில் கடை வாசல்களில் மக்கள் வரிசையில் நின்றனர். 2018 செப்டம்பர் 26-ஆம் தேதித் தீர்ப்பில் உச்சநீதிமன்றம் அந்தக் கட்டாயத்தை நீக்கியது. கட்டாயம் போயிற்று, அச்சம் போகவில்லை. மோசடிக்காரர்கள் புதிதாக எதையும் கற்பனை செய்யவில்லை; அரசு எழுதி வைத்த வசனத்தையே எடுத்துப் பேசுகிறார்கள்.

ஆனால் அந்த வசனத்தில் ஓரிடத்தை அவர்கள் மாற்றியாக வேண்டியிருக்கிறது: கால அவகாசம். 2021 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை, ஒருவர் பெயரில் ஒன்பது இணைப்புகளுக்கு மேல் இருந்தால் மறுசரிபார்ப்பு செய்ய உத்தரவிட்டது. அதில்கூட வெளியே பேசும் வசதியை நிறுத்த 30 நாள், உள்வரும் அழைப்பை நிறுத்த 45 நாள், எண்ணை முழுமையாகத் துண்டிக்க 60 நாள் என்று படிப்படியாகவே அவகாசம் தரப்பட்டது. அரசு இயந்திரத்தின் மெத்தனத்தை நாம் பல சமயம் சலித்துக்கொள்கிறோம்; இங்கே அந்த மெத்தனமே நமக்குக் காப்பு. மோசடிக்காரருக்கு 24 மணி நேரம்தான் கட்டுப்படியாகும். அதற்கு மேல் போனால் நாம் கடைக்குப் போய் விசாரித்துவிடுவோம். 'டிராய் உங்கள் சிம்மை முடக்கப் போகிறது' என்று வரும் அழைப்பும் பொய்தான். எண் துண்டிப்பு குறித்துத் தான் எந்த வாடிக்கையாளரையும் தொடர்புகொள்வதில்லை என்று அந்த ஆணையம் 2024-இல் வெளிப்படையாக அறிவித்தது.

அனுப்புநர் பெயரைப் பார்ப்பதும் ஓரளவு உதவும. நிறுவனங்களின் குறுஞ்செய்தி பத்து இலக்கக் கைப்பேசி எண்ணிலிருந்து வராது. பதிவு செய்யப்பட்ட எழுத்துத் தலைப்பிலிருந்து வரும். 2025 முதல் அதன் இறுதியில் சேவைச் செய்தி என்றால் S, விளம்பரம் என்றால் P, அரசு என்றால் G என ஓரெழுத்தும் சேர்க்கப்படுகிறது. எனினும் இதை மட்டுமே நம்ப நான் பரிந்துரைக்க மாட்டேன். பதிவு பெற்ற தலைப்புகளே தவறாகப் பயன்படுத்தப்பட்டது உண்டு; வாட்ஸ்அப்பில் வரும் செய்திக்கு இந்த ஏற்பாடே கிடையாது. தவிர, அசலும் போலியும் எனக்கு ஆங்கிலத்திலேயே வருகின்றன. ஒட்டன்சத்திரம் வியாபாரிக்கு அசல் எச்சரிக்கையைத் தமிழில் அனுப்புவது நிறுவனங்களுக்கு அத்தனை கடினமா என்ன?

ஆகவே, செய்தியில் உள்ள எண்ணை அழைக்காமல் விடுவதே முதல் வேலை. ஐயம் இருந்தால் நாமாக 198-ஐ அழைத்துக் கேட்கலாம், அல்லது கடை திறந்ததும் நேரில் போகலாம். எந்தச் சரிபார்ப்புக்கும் நம் திரையை மற்றவர் பார்க்க வேண்டியதில்லை.

செயலியை ஏற்கெனவே தரவிறக்கிவிட்டவர், வாக்குவாதத்தில் இறங்காமல் முதலில் இணையத்தைத் துண்டிக்க வேண்டும். கைப்பேசியை அணைத்துவிட்டாலும் போதும். பிறகு வேறொரு கைப்பேசியிலிருந்து, அட்டையின் பின்புறமுள்ள வங்கி எண்ணை அழைத்து அட்டையை முடக்க வேண்டும். அடுத்ததாக 1930. அங்கே பரிவர்த்தனை விவரத்தைச் சொன்னால், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் சென்று, கணக்கில் எஞ்சியிருப்பது நிறுத்திவைக்கப்படும். எழுத்துப்பூர்வப் புகாரை cybercrime.gov.in தளத்திலோ மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ அளிக்கலாம்.

இந்த அவசரத்துக்குச் சட்டக் காரணமும் உண்டு. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பு, அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவருடையது. தெரிவித்த பிறகு நேரும் இழப்பு வங்கியினுடையது. திட்டமிட்டு ஏமாற்றப்பட்டவரின் செயலைக் கவனக்குறைவு என்றே கணக்கிடுவது எனக்கு ஏற்புடையதன்று. ஆனால் விதி மாறும் வரை, புகார் செய்த நேரத்தைக் குறித்துக்கொள்வதும் புகார் எண்ணை வாங்கி வைப்பதும் அவசியம்.

நண்பர் வீட்டில் சொல்லக் கூச்சப்பட்டு ஓர் இரவைக் கழித்துவிட்டார். ஞாயிறு காலை 1930-ஐ அழைத்தபோது, மூன்று தவணைகளில் கடைசியாகப் போன 9,000 ரூபாய் மட்டுமே நிறுத்திவைக்கக் கிடைத்தது. திங்கள்கிழமை சிம் நிறுவனக் கடைக்கு அவருடன் நானும் போனேன். அங்கிருந்த இளைஞர் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, 'உங்கள் கேஒய்சியில் ஒரு குறையும் இல்லையே, ஐயா' என்றார்.